80,000 ரூபாய் பில், 86,400 ரூபாய் வரவு: டி.டி.எஸ். பிடித்தத்தைக் கணக்கில் எழுதும் முறை

கோயம்புத்தூரில் தனியாகத் தொழில் செய்யும் ஓர் இன்டீரியர் டிசைனருக்குச் சில ஆண்டுகளாக நான் கணக்கு எழுதிவருகிறேன். அவருடைய வேலையில் பாதி வீடுகளுக்கு, மீதி அலுவலகங்களுக்கு. வீட்டுக்காரர்கள் பில்லில் உள்ள தொகையை அப்படியே அனுப்பிவிடுவார்கள். கணக்கில் சிக்கல் எழாது. நிறுவனங்கள் அனுப்பும் பணம் மட்டும் பெரும்பாலும் பில் தொகையைவிடக் குறைவாகவே வரும். 2025 ஜூலையில் ஒரு தனியார் நிறுவனத்தின் புதிய அலுவலகத்துக்கு வரைபடங்கள் தயாரித்துக் கொடுத்ததற்காக அவர் அனுப்பிய பில்லை இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அதில் கட்டணம் 80,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 14,400 ரூபாய், மொத்தம் 94,400 ரூபாய். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வங்கிக்கு வந்தது 86,400 ரூபாய். “அண்ணா, எட்டாயிரம் குறையுதே, பேரம் பேசி முடிச்ச பிறகும் பிடிச்சுட்டாங்களா?” என்று அவர் தொலைபேசியில் கேட்டார்.

குறைந்த அந்த 8,000 ரூபாய் தள்ளுபடியும் அல்ல, நிலுவையும் அல்ல. வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, தொழில்முறைச் சேவைக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் அந்தக் கட்டணத்தில் 10 சதவீதத்தைப் பிடித்து, சேவை அளித்தவரின் பான் எண்ணின் பெயரில் அரசிடம் கட்ட வேண்டும். மூலத்திலேயே வரி பிடிக்கும் இந்த முறைதான் டி.டி.எஸ். ஆகவே அந்தத் தொகை டிசைனரின் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்தப்பட்ட பணம்; அவருக்கு அரசிடமிருந்து வரவேண்டிய சொத்து. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற கணக்குகள் நேராகும். (நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் டி.டி.எஸ். தொடர்பானவை பெரும்பாலும் 393ஆம் பிரிவின் கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன. 2025-26 நிதியாண்டின் பில்களுக்குப் பழைய எண்களே பொருந்தும்.)

இந்த ஒரே பில்லில் நான்கு தொகைகள் இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். 94,400 ரூபாய் வாடிக்கையாளர் தரவேண்டிய மொத்தம். 80,000 ரூபாய் டிசைனரின் வருமானம். 86,400 ரூபாய் வங்கிக்கு வந்தது. ஆனால் அந்த 86,400 முழுவதும் அவர் செலவழிக்கக்கூடிய பணம் அல்ல. அதில் 14,400 ரூபாய் ஜி.எஸ்.டி., அரசுக்காக வசூலித்துக் கையில் வைத்திருப்பது. அதைக் கழித்தால் 72,000 ரூபாய்தான் கைக்கு நிற்கிறது. வருமான வரிக்கு 80,000, ஜி.எஸ்.டி.க்கு 80,000, அடுத்த மாத வாடகைக்குத் திட்டமிடும்போது 72,000 என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாகத் தொழில் செய்பவர்களில் பலர் வங்கிக்கு வந்த தொகையையே வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

பில் போட்ட நாளிலும் பணம் வந்த நாளிலும் இரண்டு பதிவுகள் போதும். பில் போட்ட அன்று வாடிக்கையாளர் கணக்கில் 94,400 ரூபாயைப் பற்று வைத்து, வடிவமைப்புக் கட்டணக் கணக்கில் 80,000 ரூபாயையும் செலுத்தவேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கில் 14,400 ரூபாயையும் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரும் தமிழ்நாட்டிலேயே இருந்ததால் அந்த 14,400 மத்திய ஜி.எஸ்.டி. 7,200, மாநில ஜி.எஸ்.டி. 7,200 என்று இரண்டாகப் பிரிந்தது. பணம் வந்த அன்று வங்கிக் கணக்கில் 86,400 ரூபாயும் ‘டி.டி.எஸ். பெறவேண்டியது’ என்ற கணக்கில் 8,000 ரூபாயும் பற்று. வாடிக்கையாளர் கணக்கில் 94,400 ரூபாய் வரவு. இப்போது வாடிக்கையாளரின் இருப்பு பூஜ்யம். நான் முதலில் பார்ப்பது இந்தப் பூஜ்யத்தைத்தான். பிடித்தத்தைத் தனியே எழுத மறந்தால், அந்த வாடிக்கையாளர் இன்னும் 8,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பதாகக் கணக்கு காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இப்படிப்பட்ட பாக்கிகள் சேர்ந்து, எது உண்மையான வசூல் பாக்கி, எது பிடித்தம் என்று பிரிக்க முடியாத நிலை வந்துவிடும்.

டேலியில் எழுதினாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி, இந்த ‘பெறவேண்டியது’ கணக்கைச் செலவுத் தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது. வருமான வரி தொழிலின் செலவாக ஒருபோதும் ஆகாது. உரிமையாளரின் சொந்த வரி அது. சிலர் “டி.டி.எஸ். செலவு” என்று ஒரு தலைப்புப் போட்டு இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதனால் வருமானம் ஒரு பக்கம் குறைவாகத் தெரியும், அதே தொகைக்கான வரிக் கழிவையும் மறுபக்கம் கேட்டிருப்பார்கள். ஒரே பணத்தை இருமுறை பயன்படுத்துவது அது.

பில்லிலேயே டி.டி.எஸ்.ஸைக் கழித்துக் காட்ட வேண்டுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. என் கருத்தில் கூடாது. பில்லின் மொத்தம் 94,400 என்றே இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்குக்கு அந்தத் தாள்தான் ஆதாரம், அதில் வருமான வரிப் பிடித்தத்துக்கு இடம் இல்லை. வேண்டுமானால் அடியில், “194ஜே பிரிவின்படி 8,000 ரூபாய் பிடித்தம் போக எதிர்பார்க்கும் தொகை 86,400 ரூபாய்” என்று ஒரு குறிப்பு வைக்கலாம். அது வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு வேலையை எளிதாக்கும், தவறான பிடித்தத்தையும் ஓரளவு தடுக்கும்.

அந்தக் குறிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு வேறொரு வாடிக்கையாளரைச் சொல்ல வேண்டும். அதே 80,000 ரூபாய்க் கட்டணத்துக்கு அந்த நிறுவனம் 84,960 ரூபாய் அனுப்பியது. 1,440 ரூபாய் கூடுதலாகக் குறைந்திருந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்தது: டிசைனரின் உதவியாளர் அந்த ஒரு பில்லை மட்டும் பழைய மாதிரியில், ‘மொத்தம் 94,400 ரூபாய், ஜி.எஸ்.டி. உட்பட’ என்று ஒரே வரியில் போட்டிருந்தார். எதிர்த்தரப்பில் இருந்தவர் அந்த மொத்தத்தில் 10 சதவீதம், அதாவது 9,440 ரூபாய் பிடித்துவிட்டார். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலை 19 அன்று வெளியிட்ட 23ஆம் எண் சுற்றறிக்கை, ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதைச் சேர்க்காமல் கட்டணத்தின் மீது மட்டும் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்கிறது. ‘தனியாகக் காட்டப்பட்டிருந்தால்’ என்பதுதான் அதில் முக்கியமான நிபந்தனை. ஒரே வரியில் போட்ட பில்லுக்கு மொத்தத்தின் மீது பிடித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதனால் 1,440 ரூபாய் நஷ்டமா என்றால் இல்லை. அந்தப் பணமும் டிசைனரின் பான் எண்ணில்தான் சேர்கிறது. ‘பெறவேண்டியது’ கணக்கில் 8,000க்குப் பதில் 9,440 என்று எழுதினால் வாடிக்கையாளர் கணக்கு மறுபடியும் பூஜ்யமாகிவிடும். சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கட்டுவதற்காக வைத்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி வருமான வரித்துறையிடம் போய்விட்டதால், அந்த மாத ஜி.எஸ்.டி.யைக் கைப்பணத்திலிருந்து நிரப்ப வேண்டும், டி.டி.எஸ். எவ்வளவு பிடித்தாலும் ஜி.எஸ்.டி. முழு 80,000க்கும் கட்டியாக வேண்டும். இரண்டாவது, வருமான வரித்துறையின் பதிவில் அந்த வாடிக்கையாளர் கொடுத்த தொகை 94,400 என்று இருக்கும், டிசைனர் வருமானமாகக் காட்டுவது 80,000. துறையிலிருந்து விளக்கம் கேட்டால், வித்தியாசம் ஜி.எஸ்.டி. என்று காட்டும் ஒரு சிறு ஒப்பீட்டுத் தாளை முன்பே தயார் செய்து வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட தவறுகளைப் பணம் வந்த நாளிலேயே கண்டுபிடிக்க நான் ஓர் எளிய வழியைப் பயன்படுத்துகிறேன். வங்கிக்கு வந்த தொகையை, ஜி.எஸ்.டி. சேர்க்காத கட்டணத்தால் வகுத்துப் பார்ப்பேன். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட்டி, 10 சதவீதம் டி.டி.எஸ். கழித்தால் விடை 1.08 வர வேண்டும். 86,400ஐ 80,000ஆல் வகுத்தால் 1.08தான். 1.062 வந்தால் ஜி.எஸ்.டி. மீதும் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். 1.17 வந்தால் ஒப்பந்ததாரருக்கான 194சி பிரிவில் 1 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். 1.16 வந்தால், தொழில்நுட்பச் சேவை என்று எண்ணி 194ஜேயிலேயே குறைந்த விகிதமான 2 சதவீதத்தைப் போட்டிருக்கலாம். 0.98 வந்தால்தான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்: பான் எண் அவர்களிடம் இல்லை அல்லது செல்லாததாக இருக்கிறது, அதனால் 206ஏஏ பிரிவின்படி 20 சதவீதம் போயிருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்குச் சரியான விடை 0.90.

ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பில்லுக்கும் எதிர்பார்க்கும் தொகையை முன்பே கணக்கிட்டு வைக்கலாம். கட்டணம் `B2` கட்டத்திலும் வங்கிக்கு வந்த தொகை `D2` கட்டத்திலும் இருந்தால் முதல் வரி எதிர்பார்ப்பையும் இரண்டாவது வரி நான் சொன்ன விகிதத்தையும் தரும்:

```
=B2+ROUND(B2*18%,2)-ROUND(B2*10%,0)
=ROUND(D2/B2,4)
```

குறைவாகப் பிடித்தால் யாரும் புகார் செய்வதில்லை, கையில் கூடுதலாகப் பணம் இருக்கிறது என்று மகிழ்ந்துகொள்வார்கள். குறைவாகப் பிடித்ததற்கான வட்டியும் பொறுப்பும் பிடித்தவருக்குத்தான். ஆனாலும் நான் அந்த நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவேன். பின்னால் அவர்களுடைய தணிக்கையில் அது வெளிப்பட்டால், அடுத்த பில்லில் பழைய குறையையும் சேர்த்துப் பிடிப்பார்கள். அந்த மாதக் கைப்பணக் கணக்கு அப்போது தலைகீழாகும்.

1.08 என்ற இந்த விகிதம் ஒத்துவராமல் போகும், ஆனால் எவரும் தவறு செய்யாத ஒரு சூழலும் உண்டு. 194ஜே பிரிவில், ஒரே நிதியாண்டில் ஒரு வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொடுக்கும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். 2025 மார்ச் 31 வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. நம் டிசைனர் ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஏப்ரலில் 35,000 ரூபாய்க்கு ஒரு வேலை செய்தார். பிடித்தம் எதுவும் இல்லாமல் 41,300 ரூபாய் வந்தது, விகிதம் 1.18. ஜூனில் அதே நிறுவனத்துக்கு 40,000 ரூபாய்க்கு இரண்டாவது வேலை. பில் மொத்தம் 47,200. 1.08 விகிதப்படி 43,200 வர வேண்டிய இடத்தில் 39,700 ரூபாய்தான் வந்தது. கட்டணத்தையும் விடக் குறைவு. அந்த நிறுவனத்தின் கணக்காளரை அழைத்தபோது, “ரெண்டு பில்லும் சேர்ந்து எழுபத்தஞ்சு ஆயிடுச்சுங்க சார், அதனால ரெண்டுக்கும் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு எடுத்திருக்கோம்” என்றார். அவர் சொன்னது சரிதான். வரம்பைத் தாண்டிய பிறகு பிடித்தம் முழுத் தொகைக்கும் உரியது, தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல. 47,200லிருந்து 7,500ஐக் கழித்தால் 39,700.

இதைப் பதிவு செய்யும்போது இரண்டாவது பில்லில் 7,500 ரூபாய்ப் பிடித்தம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் கணக்கு சரியாகவே இருக்கும். இருந்தாலும், 35,000க்கு 3,500, 40,000க்கு 4,000 என்று விளக்கக் குறிப்பில் எழுதி வைப்பது நல்லது. நான்கு மாதம் கழித்து அந்த 7,500ஐப் பார்க்கும் எவரும், 40,000க்கு ஏறக்குறைய 19 சதவீதம் பிடித்துவிட்டார்கள் என்று அந்த நிறுவனத்தின் மீது சந்தேகப்படுவார்கள். கணக்கு எழுதியவரே கூட மறந்திருக்கலாம். ஆண்டு முழுவதும் ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு வேலை வரும் என்று ஓரளவு தெரிந்திருந்தால், முதல் பில்லிலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவதும் ஒரு வழி.

இதுவரை சொன்னவை எல்லாம் நம் பக்கத்துப் பதிவுகள். பிடித்த பணம் உண்மையிலேயே நம் பெயரில் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு 26ஏஎஸ் படிவத்தைப் பார்க்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் நுழைந்தால் துறையின் டி.டி.எஸ். தளமான டிரேசஸ் வழியாக இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வரி பிடிப்பதற்கென்று தரப்பட்ட டான் எண்ணுக்கு எதிரே, கொடுத்த அல்லது கணக்கில் வரவு வைத்த தொகை, பிடித்த வரி, கட்டிய வரி ஆகியவை இருக்கும். பிடித்த உடனே அது அங்கே தெரியாது. நம் ஜூலை பில்லையே எடுத்துக்கொண்டால், அந்த நிறுவனம் ஜூலையிலேயே பில்லைக் கணக்கில் ஏற்றியதால் 8,000 ரூபாயை ஆகஸ்ட் 7க்குள் கட்ட வேண்டும்; ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு அறிக்கையை அக்டோபர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும்; அதன் பின் 15 நாட்களுக்குள், அதாவது நவம்பர் 15க்குள், 16ஏ சான்றிதழைத் தர வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்து, “கட்டவே இல்லை” என்று வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தம் இல்லை. நவம்பர் நடுவில் பார்த்தால் போதும்.

அங்கே பதிவு இருந்தாலும் அதன் நிலையைக் குறிக்கும் ஆங்கில எழுத்தையும் கவனிக்க வேண்டும். `F` என்றிருந்தால் கட்டிய பணமும் தாக்கல் செய்த விவரமும் பொருந்திவிட்டன. `U` என்றிருந்தால் அறிக்கையில் சொன்ன பணம் வங்கியில் கட்டியதோடு பொருந்தவில்லை. சலான் எண்ணோ தொகையோ தவறாக இருக்கும், அல்லது கட்டவே இல்லாமல் இருக்கும். பதிவே காணவில்லை என்றால், நான் பார்த்தவரையில் மிக அதிகமாக இருந்த காரணம் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருப்பது. அந்த மாறிய எண் வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்தால் நம் பணம் அவர் பெயரில் போய் நிற்கும். இதைத் திருத்தக்கூடியவர் வாடிக்கையாளர் மட்டுமே. அவர் தன் காலாண்டு அறிக்கைக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே, தொலைபேசியில் ஞாபகப்படுத்துவதைவிட, பில் எண், தேதி, கட்டணம், பிடித்த தொகை, சரியான பான் எண் ஆகிய ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது வேலையை விரைவாக முடிக்கும்; எதிரே இருப்பவர் தேடிப் பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது.

பிடித்துவிட்டுக் கட்டாமலே இருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. சட்டத்தின் 205ஆம் பிரிவு, மூலத்தில் பிடிக்கப்பட்ட வரியை, பிடிக்கப்பட்டவரிடமே மீண்டும் கேட்கக் கூடாது என்கிறது. கணினி வழிப் பரிசீலனையோ 26ஏஎஸ்ஸில் இருப்பதைத்தான் பார்க்கும். அங்கே இல்லாத கழிவைக் கேட்டால் வரி பாக்கி என்று அறிவிப்பு வரலாம். அப்போது எடுத்துக்காட்ட வேண்டிய ஆதாரம், பில்லும், 86,400 மட்டுமே வந்ததைக் காட்டும் வங்கிப் பட்டியலும், பிடித்தத்தைக் குறிப்பிட்டு வாடிக்கையாளர் அனுப்பிய பண விவரக் கடிதமும்தான். அந்தக் கடிதத்தைப் பலர் பெறுவதே இல்லை. பணம் அனுப்பும்போது எத்தனை ரூபாய் எந்தப் பிரிவில் பிடித்தோம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பும்படி கேட்பது நம் உரிமை.

மார்ச் மாதப் பில்லுக்குத் தனிக் கவனம் வேண்டும். டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய நாள், வாடிக்கையாளர் தம் கணக்கில் அந்தத் தொகையை வரவு வைக்கும் நாள் அல்லது பணம் கொடுக்கும் நாள், இதில் எது முந்தியதோ அது. 2026 மார்ச் 25 அன்று 60,000 ரூபாய்க்குப் பில் போட்டால், நிறுவனம் ஆண்டு முடிக்கும் அவசரத்தில் மார்ச் 31க்குள் அதைக் கணக்கில் ஏற்றி, 6,000 ரூபாயைப் பிடித்ததாகக் காட்டிவிடும். பணம் 64,800 ரூபாயாக மே மாதத்தில்தான் வரும். பணம் வந்தால்தான் வருமானம் என்று கணக்கு வைப்பவருக்கு அந்த 60,000 ரூபாய் அடுத்த நிதியாண்டின் வருமானம். ஆனால் 26ஏஎஸ்ஸில் 6,000 ரூபாய் 2025-26ஆம் ஆண்டில் நிற்கும். இந்த ஆண்டில் வருமானத்தைக் காட்டாமல் கழிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருமான வரி விதி 37பிஏ, எந்த ஆண்டில் வருமானம் வரிக்கு உட்படுகிறதோ அந்த ஆண்டில்தான் கழிவு கிடைக்கும் என்கிறது. வருமான வரிப் படிவத்தின் டி.டி.எஸ். அட்டவணையில் இதற்காகவே ஒரு கட்டம் இருக்கிறது: இந்த ஆண்டு கேட்கும் தொகை பூஜ்யம், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வது 6,000. அடுத்த ஆண்டுப் படிவத்தில் அதை முன்கொண்டுவந்த தொகையாகக் காட்ட மறந்துவிடக் கூடாது. மறந்தால் அந்தப் பணம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் கிடக்கும்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு, பில் போட்ட நாளையே வருமான நாளாக வைத்துக்கொள்ளும் முறைதான் வசதி என்பது என் எண்ணம். வாடிக்கையாளரின் பதிவும் நம் பதிவும் பெரும்பாலும் ஒரே ஆண்டில் வந்துவிடும். எடுத்துச் செல்லும் தொல்லை குறையும். வராத பணத்துக்கும் வரி கட்ட வேண்டியிருக்கலாம் என்பது அதன் விலை. எந்த முறையை எடுத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆண்டு முடிவில் ‘டி.டி.எஸ். பெறவேண்டியது’ கணக்கின் இருப்பும் 26ஏஎஸ்ஸின் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் சொல்லி ஒரு காரணம் எழுதியிருக்க வேண்டும். நம் டிசைனரைப் போன்ற ஒருவருக்கு ஆண்டுக் கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 22,00,000 ரூபாய் என்றும், அதில் நிறுவனங்களிடமிருந்து வந்தது 14,00,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பிடித்தம் 1,40,000 ரூபாய். இன்டீரியர் டிசைன் 44ஏடிஏ பிரிவில் வரும் தொழில். கட்டணத்தில் 50 சதவீதத்தை, அதாவது 11,00,000 ரூபாயை, வருமானமாகக் காட்டலாம். இந்த 22,00,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வங்கிக்கு வந்ததை வைத்து 20,60,000 என்று போட்டால் தவறு. வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26ஆம் ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 12,00,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைப்பதால் வரி எதுவும் வராது. பிடித்த 1,40,000 ரூபாயும் திரும்ப வரவேண்டிய பணம்.

கட்டணத்தின் மீது 10 சதவீதம் பிடிப்பதும், பாதிக் கட்டணத்தை மட்டும் வருமானமாகக் கணக்கிடுவதும் சேரும்போது இப்படித்தான் நடக்கும். ஆண்டுதோறும் இலட்ச ரூபாய்க்கு மேல் திரும்பப் பெறும் நிலை இருந்தால், 197ஆம் பிரிவின்படி 13ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் வாங்கலாம். அதற்குப் பழைய ஆண்டுகளின் கணக்குகளும் வரும் ஆண்டின் மதிப்பீடும் கேட்பார்கள், எந்தெந்த வாடிக்கையாளர் எவ்வளவு தருவார் என்பதையும் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் திரும்ப வருபவர்கள் இந்த வேலையில் இறங்குவது வீண்.

பணம் திரும்ப வந்த நாளில் வங்கிக் கணக்கில் பற்று, ‘டி.டி.எஸ். பெறவேண்டியது’ கணக்கில் 1,40,000 ரூபாய் வரவு. வரி கட்ட வேண்டியிருந்தால், அந்தப் பகுதியை உரிமையாளரின் எடுப்புக் கணக்குக்கு மாற்றி மீதியைத்தான் வங்கியில் எதிர்பார்க்க வேண்டும். துறை அனுப்பும் தொகை சில நேரம் நாம் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீத வட்டி. அதை வரிக் கணக்கில் சேர்க்காமல் தனியே வட்டி வருமானம் என்று எழுத வேண்டும். அது வந்த ஆண்டின் இதர வருமானத்தில் வரிக்கு உட்படும்.